மலேரியா ரேபிட் டெஸ்ட் மற்றும் ரத்தப்பூச்சு அறிக்கை

ஆய்வக எண்: 2217
நோயாளி: ஆண், 29 வயது, எடை 61 கிலோ
தொழில், ஊர்: போர்வெல் ரிக் வண்டியில் உதவியாளர், திருச்செங்கோடு
மாதிரி: கைநரம்பு ரத்தம் (ஈ.டி.டி.ஏ. குழாய்), விரல்நுனி ரத்தம்
பெற்றது: 19.08.2024, காலை 8.40
அறிக்கை: 19.08.2024, காலை 11.45 (ரேபிட் டெஸ்ட் முடிவு 9.10-க்கே வார்டுக்கு போனில் சொல்லப்பட்டது)

பின்னணி: ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பஸ்தர் பகுதியில் இரண்டு மாதம் வேலை. ஊர் திரும்பி ஆறு நாள். காய்ச்சல் 11 நாளாக, குளிர் நடுக்கத்தோடு, விட்டுவிட்டு. நான்கு நாள் முன்பு வேறொரு ஆய்வகத்தில் பார்த்த ஸ்மியரில் "மலேரியா ஒட்டுண்ணி இல்லை" என்று வந்திருக்கிறது. மலேரியா மாத்திரை எதுவும் இதுவரை எடுக்கவில்லை.

இன்றைய ரத்த எண்ணிக்கை: ஹீமோகுளோபின் 10.9 கிராம், சிவப்பணு 41 லட்சம், வெள்ளையணு 5,200, தட்டணு 68,000.

முடிவு

பால்சிபாரம், வைவாக்ஸ் இரண்டும் சேர்ந்த கலப்புத் தொற்று.
பாலிலா நிலை ஒட்டுண்ணிகள்: மைக்ரோலிட்டருக்கு 10,700 (0.26%). இதில் உறுதியாக வைவாக்ஸ் என்று சொல்லக்கூடியவை சுமார் 140.
பால்சிபாரம் கேமிட்டோசைட்: மைக்ரோலிட்டருக்கு 78, தனிக்கணக்கு.

ரேபிட் டெஸ்ட்

இரட்டை ஆன்டிஜன் கிட். பால்சிபாரத்துக்கு ஹெச்.ஆர்.பி.2, வைவாக்ஸுக்கு எல்.டி.ஹெச். கிட்டில் சொன்ன நேரத்தில் படித்தபோது கன்ட்ரோல் கோடு தெளிவு, பால்சிபாரம் கோடு அழுத்தமாக விழுந்தது, வைவாக்ஸ் கோடு விழவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் நிழல்கூட இல்லை. விரல்நுனி ரத்தத்தில் இன்னொரு கிட் போட்டோம், அதுவும் அப்படியே.

காலை போனில் "பால்சிபாரம் பாசிட்டிவ்" என்று மட்டும் சொன்னது இதை வைத்துத்தான். தயவுசெய்து அந்த முடிவை இந்த அறிக்கையின்படி திருத்திக்கொள்ளவும். வைவாக்ஸ் கோடு விழாததற்குக் கிட்டின் கோளாறு காரணமல்ல. மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே ஒட்டுண்ணி இருந்தால் இந்தக் கிட்டுகள் தவறவிடுவது வழக்கம்தான்.

ஸ்மியர்

ஒரு ஸ்லைடில் தடித்த பூச்சு, இன்னொன்றில் மெல்லிய பூச்சு. ரத்தம் வந்து அரை மணிக்குள் பூசப்பட்டது. ஜீம்சா 3%, 45 நிமிடம், பஃபர் பி.ஹெச். 7.2. இந்த 7.2-ஐ வேண்டுமென்றே எழுதுகிறேன். அமிலம் கூடிய நீரில் சாயம் கலக்கினால் ஷூஃப்னர் புள்ளிகள் ஏறாது. அவை இல்லாவிட்டால் இந்த நோயாளியின் வைவாக்ஸ் எங்கள் கண்ணிலும் தப்பியிருக்கும்.

மெல்லிய பூச்சில் பெரும்பாலானவை சின்ன, நூல் போன்ற வளையங்கள். சிவப்பணு வீங்கவில்லை, வழக்கமான அளவே. ஒரே செல்லில் இரண்டு, மூன்று வளையங்கள். சிலவற்றில் குரோமாட்டின் புள்ளி இரண்டு. சில வளையங்கள் செல்லின் விளிம்பில் ஒட்டவைத்தது போல் கிடக்கின்றன. கூடவே வாழைப்பழ வடிவக் கேமிட்டோசைட். அது பால்சிபாரம் தவிர வேறில்லை. முதிர்ந்த சைசான்ட் காணவில்லை. பால்சிபாரத்தில் அவை உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வதால் விரல்நுனிக்கு வருவது அரிது. எனவே மொத்தச் சுமை நாம் எண்ணியதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நிறமி விழுங்கிய நியூட்ரோஃபில் 100-க்கு 1.

வைவாக்ஸ் கிடைத்தது தேடியபிறகுதான். தடித்த பூச்சில் அகன்று குலைந்த ட்ரோஃபோசோயிட் சில தென்பட, சந்தேகத்தில் மெல்லிய பூச்சு முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். மூன்று செல்கள் சிக்கின. மூன்றும் பக்கத்துச் செல்களைவிட ஒன்றரை மடங்கு பெரிது, உள்ளே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தூவினாற்போல், ஒட்டுண்ணி அமீபா போலக் கைகால் நீட்டிய நிலை. கணக்குப்படி இது ஏறத்தாழ 29,000 சிவப்பணுவுக்கு ஒன்று. பார்வைப்புலத்துக்கு 200, 250 செல் என்றால் நூற்றுக்கும் மேல் புலம் தாண்டினால்தான் ஒன்று. பால்சிபாரம் கண்டவுடன் லென்ஸைத் துடைத்துவிட்டு எழுந்தால் கிடைக்காது.

அடர்த்திக் கணக்கு

தடித்த பூச்சில் 200 வெள்ளையணு எண்ணும்வரை பாலிலா நிலை ஒட்டுண்ணிகள் முதல் கண்ணுக்கு 418, இரண்டாம் கண்ணுக்கு 404. வித்தியாசம் 4 விழுக்காட்டுக்கும் குறைவு, எனவே மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை. சராசரி 411.

```
411 ÷ 200 × 5,200 = 10,686
```

வைவாக்ஸ் என்று உறுதியானவை முறையே 6, 5. இளம் வளையங்களைத் தடித்த பூச்சில் இனம் பிரிக்க முடியாததால் அவை எல்லாம் பால்சிபாரம் கணக்கில் போயிருக்கின்றன. எனவே வைவாக்ஸின் 140 குறைந்தபட்சம். மெல்லிய பூச்சில் 5,000 சிவப்பணுவில் 13-இல் ஒட்டுண்ணி, அதாவது 0.26%. 41 லட்சத்தால் பெருக்கினால் 10,660. இரு வழியும் ஒத்துப்போகின்றன.

ஒரு எச்சரிக்கை. வெள்ளையணு எண்ணிக்கை தெரியாத இடங்களில் 8,000 என்று வைத்து, 200-க்கு எண்ணியதை 40-ஆல் பெருக்குவார்கள். அப்படிச் செய்தால் இதே ஸ்லைடு 16,440 காட்டும். இன்று எங்கள் எண்ணும் நாளை வேறிடத்து எண்ணும் வந்தால், நோய் கூடிவிட்டதாகவோ மருந்து கேட்டுவிட்டதாகவோ தவறாகத் தோன்றும். தொடர் ஸ்லைடுகளை ஒரே முறையில் எண்ண வேண்டும்.

மருத்துவருக்கு

0.26% என்பது தீவிர மலேரியாவுக்கு வரையறுத்த 10 விழுக்காட்டுக்கு மிகக் கீழே. ஆனால் மேலே சொன்ன ஒளிந்திருக்கும் சுமையை நினைவில் வைத்து, எண்ணைவிட நோயாளியையே பார்க்கவும்: மயக்கம், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவு, தாழ்ந்த சர்க்கரை.

வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கும் வடிவம் உடையது. பால்சிபாரத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பினால், சில வாரமோ மாதமோ கழித்து ஆள் மறுபடி நடுங்கிக்கொண்டு வருவார், அதைப் புதுத் தொற்று என்று நினைப்போம். ஒற்றை டோஸ் ப்ரைமாக்வினா, 14 நாள் ப்ரைமாக்வினா என்ற முடிவு இந்த ஒரு வரியில் இருக்கிறது. அதற்கு முன் ஜி6பிடி பார்க்க வேண்டும். அதே குழாயில் ரத்தம் எடுத்து வைத்திருக்கிறோம், கேட்டால் உடனே போடுகிறோம்.

கேமிட்டோசைட் தெரியத் தொடங்கப் பத்து நாள் அளவில் ஆகும். 11 நாள் காய்ச்சல் என்ற அவர் கூற்றோடு அது பொருந்துகிறது. அப்படியென்றால் நான்கு நாள் முன் வந்த நெகட்டிவ் நம்பத்தக்கதல்ல. ஒரே ஒரு மெல்லிய பூச்சு, அவசரப் பார்வை என்றால் இப்படி நடக்கும். அந்த ஸ்லைடு கிடைத்தால் அனுப்பவும், பார்த்துச் சொல்கிறோம். கேமிட்டோசைட் இருக்கும்வரை கொசுவுக்கு அவர் மூலமாகத் தொற்று போகும், நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் ஸ்டெஃபன்சி கொசு உண்டு. வலை கட்டிப் படுக்க வைக்கவும். வட்டார சுகாதார அலுவலகத்துக்கு இன்று காலையே தகவல் சொல்லியாயிற்று. அதே வண்டியில் வேலை செய்தவர்களின் ரத்தமும் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஸ்மியர்: நாள் 1, 2, 3, 7, 14, 28. மூன்றாம் நாள் பாலிலா நிலை 2,670 அல்லது அதற்கு மேல், அதாவது இன்றையதில் கால்பங்குக்குக் குறையாமல் இருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று கொள்ளவும். கேமிட்டோசைட் மட்டும் மிஞ்சினால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். குணமானதைப் பார்க்க ஹெச்.ஆர்.பி.2 கிட் வேண்டாம்; ஒட்டுண்ணி செத்து வாரக்கணக்கில் கோடு விழுந்துகொண்டே இருக்கும்.

இரு ஸ்லைடுகளும் 2217 என்ற எண்ணில் பாதுகாப்பில் உள்ளன.

முதல் வாசிப்பு: முதுநிலை ஆய்வக நுட்புநர்
இரண்டாம் வாசிப்பு, ஒப்புதல்: நுண்ணுயிரியல் மருத்துவர்