யாழினி – முத்துக்குமார் திருமண அழைப்பு வீடியோ: முழு ஸ்கிரிப்ட்

நீளம்: 1 நிமிடம் 50 விநாடி. செங்குத்து வீடியோ, 1080 × 1920. இதோடு 45 விநாடி வழிக்குறிப்பு வீடியோ ஒன்று தனியாக.

குரல்: பெண்ணின் தாய்மாமன். கடைசியில் அப்பத்தா.

இசை: உள்ளூர் மேளக்காரர்கள் வாசித்து நாம் பதிவு செய்த நாதஸ்வரம், தவில். சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்றினால் உரிமைப் பிரச்சினையில் சத்தம் முழுக்க அமுங்கிவிடும், மாமாவின் குரலும் சேர்ந்து போய்விடும்.

காட்சி 1 (0:00 – 0:08)

மேலிருந்து பூம்பாறை ஊர், படிப்படியான வயல்கள், மேலே லேசான மேகம். காலை 7 முதல் 10 மணிக்குள் எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் ஊரே தெரியாது.

கோயில் மணி ஒரு தடவை. பிறகு நாதஸ்வரம்.

திரையில்: ஸ்ரீ குழந்தை வேலப்பர் துணை

காட்சி 2 (0:08 – 0:26)

வீட்டு வாசலில் அம்மா கோலம் போடுகிறார். திண்ணையில் தாம்பூலத் தட்டு.

மாமா: "சொந்தபந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். பூம்பாறையிலிருந்து பொண்ணோட தாய்மாமன் பேசுறேன். நேர்ல வந்து வெத்தலை பாக்கு வச்சு அழைப்போம். அதுக்கு முன்னாடியே இந்தச் சேதி உங்க கைக்கு வந்துரணும்னு ஆசை. எங்க வீட்டுல கல்யாணம்!"

இந்தக் குரலை வெளியில் பதிவு செய்யக் கூடாது. மலைக்காற்று மைக்கில் 'புர்'ரென்று விழும், எடிட்டிங்கில் அதை நீக்கப் பார்த்தால் பேச்சும் தேய்ந்து போகும். கதவைச் சாத்தி, கம்பளி போர்த்திய கட்டிலில் உட்கார்ந்து பேசினாலே போதும், எதிரொலி இருக்காது.

காட்சி 3 (0:26 – 0:47)

முதலில் யாழினி, பூண்டுக்கட்டு தொங்கும் பரணுக்குக் கீழே. அடுத்து முத்துக்குமார், சின்னாளபட்டி வீட்டில், காயும் சுங்குடிச் சேலைகளுக்கு நடுவே. பிறகு இருவர் குடும்பமும்.

மாமா: "எங்க அக்கா பழனியம்மாள், மாமா பெருமாள்சாமி பெத்த மூத்த மக யாழினி. சின்னாளபட்டி தனபாலன், சரஸ்வதி அம்மாவோட இளைய மகன் முத்துக்குமார். மலைப்பூண்டுக்குப் பேர்போன ஊரும் சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊரும் சம்பந்தி ஆகுது."

திரையில்:
திருநிறைச்செல்வி பெ. யாழினி, பி.எஸ்சி.
திருநிறைச்செல்வன் த. முத்துக்குமார், பி.இ.

இனிஷியலை அச்சுப் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த காட்சிக்குப் போக வேண்டும். பெரியப்பாக்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காட்சி 4 (0:47 – 1:06)

மஞ்சள் தடவிய பத்திரிகை, குத்துவிளக்கு. அசையாத காட்சி.

மாமா, நிதானமாக: "வர்ற தை மாசம் பதினாலாம் தேதி, ஜனவரி இருபத்தெட்டு, புதன்கிழமை. காலையில ஒன்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ள முகூர்த்தம். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. எங்களுக்கு அந்தப் புதனே கிடைச்சிருக்கு!"

திரையில்:
விசுவாவசு வருடம் தை 14
28.01.2026 புதன்கிழமை
காலை 9.15 – 10.15

இந்த மூன்று வரியும் குறைந்தது 10 விநாடி நிற்க வேண்டும். எழுத்து பறந்து வருவது, சுழல்வது எதுவும் வேண்டாம். பலரும் இந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். அசைந்துகொண்டிருந்தால் தேதி கலங்கிப் பதியும்.

காட்சி 5 (1:06 – 1:22)

கோயில் கோபுரம், பிறகு அங்கிருந்து பெண் வீட்டுப் பந்தல் வரை நடந்து போகும் காட்சி.

மாமா: "பூம்பாறை குழந்தை வேலப்பர் சந்நிதியில தாலி கட்டு. அங்கயிருந்து பொடிநடையா வந்தா எங்க வீட்டுப் பந்தல்ல விருந்து. முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு."

திரையில்:
அருள்மிகு குழந்தை வேலப்பர் திருக்கோயில்
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்

காட்சி 6 (1:22 – 1:36)

பெரிய அடுப்பு, வாழையிலையில் சோறு விழும் நெருக்கக் காட்சி.

மாமா: "மலை ஏற முடியாதவங்க மனசு சங்கடப்பட வேணாம். ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சின்னாளபட்டி மாப்பிள்ளை வீட்டுல வரவேற்பு. அங்க வந்து வாழ்த்துங்க."

திரையில்: வரவேற்பு: 30.01.2026 வெள்ளி, மாலை 6.00, மணமகன் இல்லம், சின்னாளபட்டி

காட்சி 7 (1:36 – 1:50)

அப்பத்தா, தோளில் சால்வை, கேமராவைப் பார்த்து. எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. கீழே உள்ளதைக் காதில் சொல்லிவிட்டு அவர் போக்கில் விட வேண்டும். வார்த்தை மாறினால் மாறியதே இருக்கட்டும். இங்கே நாதஸ்வரம் முழுக்க நிற்க வேண்டும்.

அப்பத்தா: "எம் பேத்தி கல்யாணம் சாமி. பிள்ளைகுட்டியோட வந்துருங்க. குளிருதுன்னு யாரும் நின்னுறாதீங்க, அடுப்பு மூட்டி வச்சிருப்பேன்."

திரையில்: உங்கள் வரவை எதிர்பார்க்கும் இரு வீட்டார்

வழிக்குறிப்பு வீடியோ (45 விநாடி, தனி மெசேஜாக)

அழைப்புக்குள் இதைச் செருகினால் அப்பத்தா பேசுவதற்குள் பாதிப் பேர் மூடிவிடுவார்கள். மலைச்சாலைக் காட்சி மேல் மாமாவின் குரல் மட்டும்.

மாமா: "வேன் சின்னாளபட்டியில மாப்பிள்ளை வீட்டு வாசல்ல இருந்து ஜனவரி இருபத்தேழு, பகல் ஒண்ணரைக்குக் கிளம்பும். மூணு மணிக்கு ராகு காலம், அதனால தாமதம் வேணாம். வத்தலக்குண்டு வழியா மேல ஏறும். வாந்தி வர்றவங்க வயிறு முட்டச் சாப்பிடாம, ஒரு எலுமிச்சம்பழம் கையில வச்சுக்கங்க.

சொந்தக் கார்ல வர்றவங்க இ-பாஸ் எடுத்துட்டு வாங்க. கொடைக்கானலுக்கு அது கட்டாயம். பழனி வழியா வர்றவங்க பார்த்து ஓட்டுங்க, பிப்ரவரி ஒண்ணு தைப்பூசம், ரோடெல்லாம் பாதயாத்திரைக் கூட்டமா இருக்கும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, வீட்டுல குடிக்கத் தண்ணி இருக்கு. ஸ்வெட்டர், மப்ளர் மறந்துறாதீங்க, ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ போயிரும்."

திரையில்: epass.tnega.org, அடுத்து தங்குவோர் எண்ணிக்கையை ஜனவரி 20க்குள் இந்த எண்ணுக்கே பதிலாக அனுப்பவும்

எடிட்டருக்கு

எல்லா எழுத்தும் யூனிகோடு ஃபான்டில். எடிட்டிங் சாஃப்ட்வேரில் தெற்காசிய எழுத்து அமைப்பு இயக்கத்தில் இல்லையென்றால் 'பெ', 'கொ' எல்லாம் கொம்பு இடம் மாறி விழும். பெண்ணின் இனிஷியலே தப்பாகிவிடும். மேலும் கீழும் 250 பிக்சல் எழுத்தில்லாமல் விடவும், ஸ்டேட்டஸில் பெயரும் பதில் பெட்டியும் அங்கேதான் மறைக்கும். மெல்லிய எழுத்து வேண்டாம், வாட்ஸ்அப் சுருக்கும்போது கரைந்துவிடும்.

குடும்பக் குழுக்களுக்கு டாக்குமென்ட்டாக அனுப்பவும். ஸ்டேட்டஸுக்கு காட்சி 3 தொடக்கம் முதல் காட்சி 5 முடிவு வரை 56 விநாடியைத் தனியாக வெட்டி, கடைசியில் அப்பத்தா பேச்சையும் சேர்த்து வைக்கவும்.