பகுதி 4: தேன் விற்பனைப் பக்கத்தின் படச் சோதனை – முடிவும் அதன் எல்லையும்

மார்த்தாண்டத்திலுள்ள நமது தேன் உற்பத்தியாளர் சங்கத்தின் இணைய விற்பனைப் பக்கத்தில் 2024 ஜூன் 3 திங்கட்கிழமை முதல் ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை வரை, நான்கு முழு வாரங்கள், பழைய பக்கத்தையும் படம் மாற்றிய புதிய பக்கத்தையும் ஒப்பிடும் ஒரு ஏ/பி சோதனை நடத்தப்பட்டது. அதில் எந்தப் பக்கமும் வென்றதாகச் சொல்ல முடியவில்லை என்பதே இப்பகுதி நிர்வாகக் குழுவிடம் தெரிவிக்கும் முடிவு. புதிய பக்கத்தில் ஆர்டர் சற்றுக் கூடுதலாக வந்தது உண்மை. ஆனால் இந்த அளவு வேறுபாடு தற்செயலாகவே எளிதில் வரக்கூடியது என்பதால், அதைப் புதிய படத்தின் பலனென்று கணக்கில் எழுதுவதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

சோதித்தது ஒரே ஒரு மாற்றம். பழைய பக்கத்தின் மேற்பகுதியில் அரைக் கிலோ தேன் குப்பியின் படமும், அதன் கீழே ₹290 என்ற விலையும் இருக்கின்றன. புதிய பக்கத்தில் அந்த இடத்தில், அருமனைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் தேனீப் பெட்டியைத் திறந்து அடைச் சட்டத்தைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் படம் வைக்கப்பட்டது. குப்பியும் விலையும் அதற்குக் கீழே போயின. மார்ச் மாதத் தேன் சீசனில் எடுத்த படம் அது. (படத்தோடு வந்த குறிப்பில் ‘ரப்பர் பூந்தேன்’ என்று இருந்ததை, ரப்பரில் தேனீக்கள் எடுப்பது பெரும்பாலும் பூவிலிருந்து அல்ல, இளந்தளிரின் காம்பில் கசியும் இனிப்பு நீரைத்தான் என்பதால், சோதனை தொடங்குமுன் ‘ரப்பர் தோட்டத் தேன்’ என்று திருத்தினோம்.) விலை, அனுப்பும் செலவு, பணம் கட்டும் முறை எதிலும் மாற்றம் செய்யவில்லை. வருவோரில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் கணினியே குலுக்கல் முறையில் பாதிப் பாதியாகப் பிரித்தது.

பழைய பக்கத்தை 4,812 பேர் பார்த்தனர். அவர்களில் 148 பேர் ஆர்டர் செய்தனர், அதாவது 3.08 சதவீதம். புதிய பக்கத்தைப் பார்த்த 4,779 பேரில் ஆர்டர் செய்தவர்கள் 161 பேர், 3.37 சதவீதம். இடைவெளி 0.29 சதவீதப் புள்ளி. ஆயிரம் பேர் வந்தால் மூன்று ஆர்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதே இடைவெளியை ‘புதிய படத்தால் ஆர்டர் 9.5 சதவீதம் உயர்ந்தது’ என்றும் எழுத முடியும். கணக்கின்படி அதில் பிழை இல்லை. ஆனால் அப்படி எழுதினால், 13 ஆர்டர் வித்தியாசம் மறைந்து ஒரு பெரிய சதவீதம் மட்டுமே படிப்பவர் கண்ணில் நிற்கும் என்பதால், இந்த அறிக்கையில் வேறெங்கும் அந்த எண்ணைப் பயன்படுத்தவில்லை. ஆண்டறிக்கையிலும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இடைவெளியின் 95 சதவீத நம்பிக்கை எல்லை, புதிய பக்கத்துக்கு 0.41 புள்ளி பாதகத்தில் தொடங்கி 1.00 புள்ளி சாதகம் வரை நீள்கிறது. மாதம் 10,000 பேர் வருவதாகக் கொண்டால், புதிய படத்தை வைப்பதால் மாதத்துக்கு 41 ஆர்டர் குறையவும் கூடும், 100 ஆர்டர் கூடவும் கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எந்த எண்ணோடும் நமது தரவு முரண்படவில்லை. பி மதிப்பு 0.42. இரண்டு படங்களுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதுகூட, இதே சோதனையை 100 முறை நடத்தினால் ஏறத்தாழ 42 முறை இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன இடைவெளி ஏதாவது ஒரு பக்கம் தோன்றும் என்பதே அதன் பொருள். இதை வைத்து இரண்டு பக்கங்களும் சமம் என்று நிரூபணமாகிவிட்டதாகவும் சொல்லக் கூடாது. சமமாக இருக்கலாம், புதியது ஓரளவு நன்றாகவே இருக்கலாம், சற்று மோசமாகவும் இருக்கலாம்; இவற்றைப் பிரித்தறியும் அளவுக்கு ஆட்கள் வரவில்லை.

சோதனையின் நடுவே நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்தாக வேண்டும், ஏனெனில் குழு உறுப்பினர்கள் பலரின் நினைவில் நிற்பது இறுதி எண்கள் அல்ல, ஒன்பதாம் நாள் எண்கள்தான். ஜூன் 11 இரவு நிலவரப்படி பழைய பக்கத்தில் 1,530 பேருக்கு 39 ஆர்டர், புதிய பக்கத்தில் 1,518 பேருக்கு 61 ஆர்டர். மறுநாள் கூட்டத்தில் இந்த எண்களைச் சொன்னபோது, சோதனையை அத்துடன் நிறுத்திவிட்டு மற்றப் பொருள்களுக்கும் இதேபோல் படம் எடுக்கலாம் என்ற கருத்து வலுவாக எழுந்தது. அன்றைய பி மதிப்பு 0.02 என்பதையும் நாமே கூட்டத்தில் சொன்னோம்; அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாள் முன்னரே குறிக்கப்பட்ட ஒரு சோதனையை இடையிடையே எட்டிப் பார்த்து, சாதகமாகத் தெரியும் கணத்தில் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், 5 சதவீதம் என்று நாம் நம்பும் தவறான வெற்றியின் வாய்ப்பு, சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்தாலே சுமார் 14 சதவீதமாகிவிடுகிறது. மீதமிருந்த 19 நாள்களில் நடந்தது இது: பழைய பக்கத்தில் 3,282 பேருக்கு 109 ஆர்டர் (3.32 சதவீதம்), புதிய பக்கத்தில் 3,261 பேருக்கு 100 ஆர்டர் (3.07 சதவீதம்). அதாவது கூட்டத்துக்குப் பின் பழைய பக்கமே சற்று முன்னால் இருந்தது. இதையும் பழைய பக்கத்தின் வெற்றி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் ஒன்பது நாள் எண்களை எந்த அளவுக்கு நம்பலாமோ அந்த அளவுக்குத்தான் இதையும் நம்பலாம்.

வருவோரைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு பிரிவு தனியாகத் தெரிந்தது. கணினியில் பார்த்தவர்களில் பழைய பக்கத்தில் 571 பேருக்கு 14 ஆர்டர், புதிய பக்கத்தில் 563 பேருக்கு 26 ஆர்டர். கைப்பேசியில் பார்த்தவர்களிடையே 3.16, 3.20 என்று வேறுபாடு இல்லாத நிலை. பெரிய திரையில் தோட்டப் படம் நன்றாகத் தெரிவதால் வாங்கினார்கள் என்று ஒரு காரணம் உடனே தோன்றுகிறது, அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் கைப்பேசி–கணினி, மாவட்டத்துக்குள்–வெளியே, புதியவர்–முன்பு வாங்கியவர் என ஆறு பிரிவுகளைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் இந்த ஒன்று கிடைத்தது. அதன் பி மதிப்பும் 0.05-ஐ ஒட்டியே நிற்கிறது. உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும், ஆறு இடங்களில் தேடினால் ஏதாவது ஓரிடத்தில் இப்படியொன்று அகப்படும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஆகவே இது தனியே சோதிக்கத் தகுந்த ஓர் ஐயம் மட்டுமே, முடிவு அல்ல.

ஆர்டர் ஒன்றின் சராசரித் தொகை பழைய பக்கத்தில் ₹612, புதிய பக்கத்தில் ₹598. ‘புதிய பக்கத்தில் ஆர்டர் கூடினாலும் தொகை குறைகிறது’ என்று இதை வாசிக்க இடமுண்டு. ஆனால் பழைய பக்கத்தின் கணக்கில், கருங்கல் பகுதியில் ஒரு கல்யாண வீட்டுக்காக ஒரே ஆர்டரில் 40 குப்பி, ₹11,600-க்கு வாங்கியது சேர்ந்திருக்கிறது. அந்த ஒன்றை நீக்கினால் பழைய பக்கத்தின் சராசரி ₹537 ஆக இறங்கி, நிலைமை தலைகீழாகிறது. ஒரு வீட்டுக் கல்யாணம் திருப்பிப் போடக்கூடிய எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சோதனையின் குறைகளும் உண்டு. ஒரு சதவீதப் புள்ளி வேறுபாட்டைக் கண்டறியப் பக்கத்துக்குச் சுமார் 5,300 பேர் வேண்டும் என்று தொடக்கத்தில் கணக்கிட்டிருந்தோம். வந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஒருவரே கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்திருந்தால் அவருக்கு இரண்டு பக்கங்களும் தெரிந்திருக்கக்கூடும். ஜூன் 14 மாலை ஏறத்தாழ நான்கு மணி நேரம் பணம் கட்டும் பகுதி வேலை செய்யவில்லை. அது இரு பக்கங்களையும் ஒன்றுபோலப் பாதித்ததால் அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கவில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, தொலைபேசி ஆர்டர்கள். பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதிலுள்ள எண்ணில் கூப்பிட்டு, ‘நல்ல தேன்தானா, சீனிப்பாகு ஒண்ணும் சேரலியே’ என்று கேட்டு உறுதி செய்த பிறகே வாங்குவோர் நம்மிடம் அதிகம். இந்த 28 நாள்களில் அப்படி 87 ஆர்டர்கள் வந்தன. அவர்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் என்பது பதிவாகவில்லை. பெட்டியும் அடையும் தெரியும் படத்தின் பயனே இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் என்று வாதிட்டால், அந்தப் பயன் தெரிந்திருக்க வேண்டிய இடமே நம் கணக்குக்கு வெளியே இருக்கிறது. எனினும், கணக்கில் வராததைப் புதிய படத்துக்குச் சாதகமாக ஊகித்துக்கொள்ளவும் உரிமை இல்லை.

சோதனையை இப்படியே நீட்டலாமா என்று கேட்கப்பட்டது. 0.3 புள்ளி அளவிலான வேறுபாடு உண்மைதானா என்று அறிய, அப்படியொரு வேறுபாடு இருந்தால் 100-க்கு 80 முறை அதைக் கண்டுபிடித்துவிடும் வழக்கமான திறனுக்கு, பக்கத்துக்குச் சுமார் 55,000 பேர் தேவை. இப்போது வரும் வேகத்தில் அது பத்தரை மாதத்துக்கு மேல். ஆயிரத்துக்கு மூன்று ஆர்டரைத் தெரிந்துகொள்ள அவ்வளவு காலம் வேறெந்தச் சோதனையும் செய்யாமல் காத்திருப்பது நமது விற்பனை அளவுக்குப் பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

எனவே, பழைய பக்கத்தையே தொடரலாம் என்று பரிந்துரைக்கிறோம். இதற்குக் காரணம் சோதனையில் அது வென்றது அல்ல, வெல்லவும் இல்லை. தோட்டப் படத்தின் கோப்பு 410 கேபி, குப்பிப் படம் 95 கேபி என்பதால், சிக்னல் குறைந்த மலையோரப் பகுதிகளில் பழைய பக்கம் விரைவில் திறக்கும் என்ற நடைமுறை வசதி மட்டுமே. தோட்டப் படம் குழுவுக்குப் பிடித்திருந்தால் அதை வைத்துக்கொள்வதையும் இந்தத் தரவு தடுக்கவில்லை. ஆனால் படமெடுக்கச் செலவான ₹18,000 ஆர்டர் மூலம் திரும்பி வந்துவிட்டதாகவோ, அதே செலவைக் கிராம்புக்கும் நல்லமிளகுக்கும் செய்தால் பலன் உறுதி என்றோ இந்தச் சோதனையை மேற்கோள் காட்ட இயலாது. ஆண்டறிக்கையில் ஒரு வரி வேண்டுமெனில் பின்வருமாறு அமையலாம்: ‘ஜூன் 2024-இல் இரு படங்களை ஒப்பிட்டுச் சோதித்ததில், ஆர்டர் விகிதத்தில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை (3.08 மற்றும் 3.37 சதவீதம்).’ எண்கள் இரண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும். அடுத்த சோதனை தொடங்குமுன், இரண்டு பக்கங்களிலும் வெவ்வேறு தொலைபேசி எண் கொடுக்க இரண்டாவது சிம் ஒன்று வாங்க ஒப்புதல் கோருகிறோம்.