வளர்சிதை மாற்றம், உணவுப் பழக்கம்: முதல் மதிப்பீட்டுக் குறிப்பு (ஆண்கள் மனநல வார்டு, படுக்கை 14)

மதிப்பீட்டு நாள்: 10.11.2025, திங்கள், காலை 6.45
எழுதியவர்: உணவியல் நிபுணர்
யாருக்கு: யூனிட் டாக்டர், வார்டு செவிலியர்கள்

வயது 27, ஆண். ஸ்கிஸோஃப்ரினியா. 22.9.2025 அன்று அனுமதி. அன்றிரவே ஒலன்ஸபின் 10 மி.கி. தொடங்கி, இரண்டாவது வாரத்தில் 20 மி.கி. ஆக்கியிருக்கிறார்கள். முதல் வாரம் ஹாலோபெரிடால் ஊசியும் போட்டிருக்கிறார்கள். அதோடு ஆரம்பித்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. காலை, மாலை இன்னமும் தொடர்கிறது. "சட்டை பத்தலை, பார்த்துச் சொல்லுங்க" என்று டாக்டர் ரவுண்ட்ஸில் சொன்னதால் இந்த மதிப்பீடு.

இதை முதல் மதிப்பீடு என்று சொன்னாலும் மருந்து தொடங்கி ஏழு வாரம் ஆகிவிட்டது. அனுமதி நாளில் எடை மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எதுவும் இல்லை. அதனால் கீழே உள்ள ரத்த முடிவுகளில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு முன்பே இருந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு, ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எடையும் அளவும்

உயரம் 166 செ.மீ. அனுமதி நாளில் 61 கிலோ, இன்று 68.4 கிலோ. ஏழு வாரத்தில் 7.4 கிலோ, அதாவது 12 சதவீதம். பிஎம்ஐ 22.1-லிருந்து 24.8. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. (கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு எடுத்தது. நம் ஆண்களுக்கு எல்லை 90). ரத்த அழுத்தம் 126/82.

இந்த 7.4 கிலோவை முழுதாக மருந்தின் கணக்கில் சேர்க்க முடியாது. நோய் முற்றியிருந்த இரண்டு மாதம், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சரியாகச் சாப்பிடவே இல்லையாம். அதற்கு முன் ரேஷன் கடைத் தராசில் 64 கிலோ இருந்தார் என்று தாயார் சொல்கிறார். முதல் 3 கிலோ, இழந்தது திரும்பி வந்தது. மீதி 4.4 கிலோதான் நம் கவலை. ஆனால் கடந்த மூன்று வாரமும் வாரத்துக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது, நிற்கிற மாதிரி தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை

5.11 அன்று வெறும் வயிற்றுச் சர்க்கரை 121 என்று வந்தது. ஆனால் அது வெறும் வயிறு இல்லை. முந்தின இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒரு பாக்கெட் பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார். நான் கேட்டபோது அவரே சொன்னார். யாரும் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். 8.11 அன்று தாயாரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, இரவு ஒன்பதுக்குமேல் தண்ணீர் மட்டும் என்று வைத்து மறுபடி எடுத்தோம். கீழே உள்ளவை அந்த முடிவுகள். பழையதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி 5.9. மொத்தக் கொலஸ்ட்ரால் 198, ட்ரைகிளிசரைடு 212, எச்டிஎல் 34, எல்டிஎல் 122. கிரியாட்டினின் 0.8. தைராய்டு, கல்லீரல் முடிவுகள் இயல்பு.

இடுப்பு, சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் என்று ஐந்தில் நான்கு எல்லையைத் தாண்டிவிட்டன. மூன்று போதும், மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று எழுத. சர்க்கரை நோய் இன்னும் இல்லை, அதன் வாசலில் இருக்கிறார்.

என்ன சாப்பிடுகிறார்

நேற்றைய 24 மணி நேரத்தை முதலில் அவரிடமும், பிறகு தனியாகத் தாயாரிடமும், கடைசியாக வார்டு ஆயாவிடமும் கேட்டேன். வார்டு சாப்பாட்டைப் பொறுத்தவரை மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: காலை ஐந்து இட்லி சாம்பார், மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர், இரவு சோறு, ரசம், ஒரு முட்டை. சுமார் 1,700 கலோரி. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வித்தியாசம் இடைவேளையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரையிலிருந்து மட்டும் 200 கலோரி, பாலோடு 375. கேன்டீன் பன் ஒன்று. குளிர்பானம் ஒரு பாட்டில். பிஸ்கட் இரண்டு பாக்கெட், அதில் ஒன்று நடுராத்திரி. எல்லாம் சேர்த்துச் சுமார் 1,200. அவருக்குத் தேவை தோராயமாக 2,100, உள்ளே போவது 2,900.

குளிர்பானம் ஏன் என்று கேட்டேன். "நாக்கு காஞ்சு போய் ஒட்டிக்குது மேடம், தண்ணி குடிச்சா சரியாகலை" என்றார். நாக்கைப் பார்த்தேன், உண்மையிலேயே வறண்டிருந்தது. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலின் வேலையாக இருக்கலாம். ஹாலோபெரிடால் நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. இப்போது கை நடுக்கம், விறைப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இன்னும் தேவையா என்று டாக்டர் பார்க்க வேண்டுகிறேன்.

பசியைப் பற்றி அவர் சொன்னது: "வயிறு நிறைஞ்சிருக்கு, ஆனா வாய் இன்னும் கேக்குது." சாப்பிட்டு அரை மணியில் மறுபடி. இது ஒலன்ஸபின் தருகிற பசி, பேராசையோ சோம்பலோ இல்லை. வார்டில் யாரோ "தின்னிப்பண்டாரம்" என்று கேலி செய்வதாக வருத்தப்பட்டார். செவிலியர்கள் கவனிக்கவும்.

தாயார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "ரெண்டு மாசம் என் கையால ஒரு வாய் வாங்கல. இப்போ தானா கேட்டுச் சாப்பிடறான், எப்படிம்மா இல்லேங்கறது?" என்றார். அவரிடம் குறைக்கச் சொல்லவில்லை, மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். இன்னொன்று: காலை மாத்திரையை மறுக்காமல் போட்டால் ஒரு பிஸ்கட் என்பது வார்டில் வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணம்தான், அதையும் நிறுத்தலாம்.

பீடி: வெளியில் தினம் பதினைந்து. வார்டில் ஏழு வாரமாக இல்லை. புகை ஒலன்ஸபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். நிறுத்தினால் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடும். பசிக்கும் தூக்கக்கலக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம், டோஸ் பார்க்கும்போது நினைவில் வைக்கவும். வீட்டுக்குப் போய்ப் பீடியைத் தொட்டால் மருந்தின் வேகம் குறையும் என்பதைத் தாயாரிடம் இன்னும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டர் சொல்வது நல்லது.

இன்றிலிருந்து

எடையைக் குறைப்பது இப்போதைய இலக்கு இல்லை. அடுத்த ஐந்து வாரம் 68-லேயே நிற்கட்டும். வார்டு சாப்பாட்டில் கை வைக்கவில்லை, இரவு முட்டையை மட்டும் இரண்டாக்கி, சோற்றில் ஒரு கரண்டி குறைத்திருக்கிறேன். நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். டீ மூன்று, ஒரு ஸ்பூன் சர்க்கரை (சர்க்கரையே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார், கேட்டுப் பார்த்தேன்). குளிர்பானத்துக்குப் பதில் உப்புக் குறைத்த நீர்மோர். ராத்திரி விழித்தால் சாப்பிட, கொய்யாவோ வெள்ளரியோ தலைமாட்டில் இருக்கட்டும். பிஸ்கட் டப்பா தாயாரின் பையில்கூட வேண்டாம். காலை, மாலை இருபது நிமிடம் தோட்டத்தைச் சுற்றி நடை. மாலையில் தாயாரும் கூட நடக்கிறேன் என்றிருக்கிறார்.

டாக்டர் முடிவுக்கு: எடை 5 சதவீதத்தைத் தாண்டியாயிற்று. மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் சேர்ப்பதா என்பது உங்கள் பக்கம். குரல்கள் அடங்கியிருப்பது இந்த மருந்தால்தான் என்று தாயாரும் மகனும் நம்புகிறார்கள், "அதை நிறுத்திடாதீங்க" என்று இருவருமே சொன்னார்கள்.

எடை ஒவ்வொரு திங்களும் காலை, சிறுநீர் கழித்த பின், டீக்கு முன், இதே தராசில். அடுத்தது 17.11. சர்க்கரை, கொழுப்பு மறுபடி 15.12 அன்று, பன்னிரண்டு வாரம் முடியும்போது. ரத்தம் எடுப்பதற்கு முந்தின இரவு ட்யூட்டியில் இருப்பவர் தலைமாட்டையும் தலையணைக்கு அடியிலும் ஒரு தடவை பார்த்துவிடவும்.