ரயில்வே மேம்பாலம், தஞ்சாவூர்–திருச்சி பாதை: ஒப்பந்தப்புள்ளி நிலை வடிவமைப்பு மீதான கட்டுமானச் சாத்தியக் குறிப்புகள்

பெறுநர்: வடிவமைப்புக் குழுத் தலைவர்
அனுப்புநர்: கட்டுமானப் பரிசீலனைப் பொறியாளர்
பரிசீலித்தவை: வரைபடங்கள் 1 முதல் 24 வரை, வேலை அளவுப் பட்டியல், வரைவுக் கால அட்டவணை. களத்தை 2 நாட்கள் நடந்து பார்த்தேன். ஒரு நாள் பகலில், ஒரு நாள் இரவு 11 மணிக்கு மேல்.

ஐயா,

தனித்தனியாக எடுத்தால் வரைபடங்கள் கவனமாகச் செய்யப்பட்டவை. பாலத்தின் வலிமை குறித்து என்னிடம் கேள்வி இல்லை. ஆனால் வரைபடம் 22-இல் உள்ள ஐந்து கட்ட வேலை வரிசையைக் களத்தில் நின்றுகொண்டு படித்தால், மூன்றாம் கட்டத்தில் வேலை நின்றுவிடுகிறது. பட்டியலில் மிகச் சிறிய தொகை கொண்ட வாய்க்கால் கல்வெர்ட்தான் அதற்குக் காரணம். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன். 'கட்டாயம்' என்று குறித்தவை ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன் தீர்க்கப்பட வேண்டியவை.

1. கிழக்கு வாய்க்கால் கல்வெர்ட் (வரைபடம் 19, 22) – கட்டாயம்

கிழக்கு அணுகுசாலையைக் குறுக்கே கடக்கும் பாசன வாய்க்காலின் மேல் இப்போது இருப்பது பழைய செங்கல் வளைவுக் கல்வெர்ட். அதை இடித்து கான்கிரீட் பெட்டிக் கல்வெர்ட் கட்டும் வேலை ஐந்தாம் கட்டத்தில், நவம்பர் மாதத்தில் வைக்கப்பட்டுள்ளது. வாய்க்காலில் நீர் நிற்கும் காலம் அது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அந்த இடைவெளியில் வாய்க்காலை மறிக்க விவசாயிகள் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் கூடாது. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். ஆக, கல்வெர்ட்டுக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரையிலான நான்கு மாதங்கள் மட்டுமே.

இது கல்வெர்ட்டோடு முடியும் பிரச்சினை இல்லை. ரயில் பாதையின் கிழக்குப் பக்கத்துக்குக் கனரக வண்டிகள் வர வேறு வழி கிடையாது. மேற்கே கடைத்தெருவில் கூர்மையான வளைவு ஒன்று இருக்கிறது; கட்டடத்துக்குக் கட்டடம் 9 மீட்டர்தான் அளந்தேன். நீண்ட டிரெய்லர் அங்கே திரும்பாது. எனவே கர்டர் துண்டுகள், பெரிய கிரேன், அதன் எதிர் எடைகளைச் சுமந்து வரும் டிரெய்லர்கள் எல்லாம் அந்தச் செங்கல் வளைவின் மேல்தான் வர வேண்டும். அதன் உச்சியில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடுகிறது. காலி லாரி போகும்போதே கைப்பிடிச் சுவர் அதிர்வதைக் கை வைத்துப் பார்த்தேன்.

பரிந்துரை: கல்வெர்ட்டை முதல் கட்டத்துக்கு மாற்றி, பிப்ரவரி–மே காலத்தை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதுங்கள். பாதி அகலமாக இரு முறை கட்டினால் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. வேலை உத்தரவு டிசம்பருக்குள் கிடைத்தால் முதல் கோடையே போதும். அது தவறினால் ரயில் பாதை மேல் கர்டர் ஏற்றுவது ஓராண்டு தள்ளிப்போகும். கால அட்டவணையில் இதைத் தாங்கும் இடைவெளி எதுவும் இல்லை. கல்வெர்ட்டைக் கட்டுமானக் காலச் சுமைக்கும் வடிவமைக்க வேண்டும். இப்போது சாலைச் சுமைக்கு மட்டுமே கணக்கிடப்பட்டுள்ளது.

2. ரயில் பாதை மேல் கர்டர் ஏற்றுதல் (வரைபடம் 11, 12, 22) – கட்டாயம்

36 மீட்டர் நீளத்தில் ஐந்து எஃகு கர்டர்கள், ஒவ்வொன்றும் சுமார் 30 டன். 'கிரேன் மூலம் பொருத்தப்படும்' என்ற ஒரே வரி வரைபடத்தில் இருக்கிறது. கிரேன் எங்கே நிற்கும்?

மேற்கே தூண் 4-க்குப் பின்னால் 30 மீட்டர் கான்கிரீட் கர்டர்கள் இரண்டாம் கட்டத்திலேயே ஏறிவிடுகின்றன; அங்கே இடமில்லை. கிழக்கே தூண் 5-க்குப் பின்னால் வலுவூட்டிய மண் தடுப்புச் சுவர் தொடங்குகிறது. அதையும் இரண்டாம் கட்டத்திலேயே முழு உயரமான 8 மீட்டருக்கு எழுப்பச் சொல்கிறது வரிசை. சுவருக்கு வெளியே எஞ்சுவது 5.5 மீட்டர் சர்வீஸ் சாலை. பெரிய கிரேனின் கால்களை விரிக்க அது போதாது. நிரப்பிய மண்ணின் மேலே ஏற்றி நிறுத்தினால் முகப்புப் பலகைகள் அந்தச் சுமையைத் தாங்குமா என்ற கணக்கு எங்கும் இல்லை.

தூண் 5-க்குப் பின்னால் தரையில் நின்று, கர்டரின் நடுவில் பிடித்து வைப்பதானால் வீச்சு ஏறக்குறைய 24 மீட்டர். தூக்குக் கருவிகளையும் சேர்த்து 33 டன் வரும். 300 டன் வகுப்புக் கிரேன் தேவைப்படும். அதற்குக் கெட்டியான தளமும், 12 மீட்டர் துண்டுகளாக வரும் கர்டரை போல்ட் போட்டு இணைக்க 45 மீட்டர் நீளத்தில் சமதரையும் வேண்டும். அந்தத் தரை வேறெங்கும் இல்லை. கிழக்குச் சரிவுப்பாதை எழ வேண்டிய இடமேதான் அது.

பரிந்துரை: கிழக்குத் தடுப்புச் சுவரின் கடைசி 50 மீட்டரை, ஐந்து கர்டர்களும் ஏறி அவற்றின் குறுக்குச் சட்டங்கள் இறுகும்வரை கட்டாமல் விடுங்கள். சுவரை அந்த இடத்தில் படிப்படியாக நிறுத்தும் விவரத்தை வரைபடம் 15-இல் காட்டுங்கள். கிரேன் தளத்தை வேலை அளவுப் பட்டியலில் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் அதை விலையில் விட்டுவிட்டு, பின்னர் மிகக் குறைந்த ஜல்லியில் முடித்துவிடுவார். வேறொரு பாலத்தில், சரியாக இறுகாத தளத்தில் கிரேனின் ஒரு கால் இறங்கி, தூக்கிய கர்டரை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் நாற்பது நிமிடம் நின்றோம். கீழே தண்டவாளம். அந்த நாற்பது நிமிடத்தை இன்னொரு குழுவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ரயில்வே தரும் பிளாக் நேரத்தையும் ஒப்பந்த ஆவணத்தில் எழுத வேண்டும். ரயில் நிறுத்தமும் 25 கிலோவோல்ட் மின் நிறுத்தமும் ஒரே நேரத்தில் கிடைத்தாக வேண்டும். ஓர் இரவுக்கு ஒரு கர்டர் என்பதே நியாயமான கணக்கு. வரைவு அட்டவணையில் ஐந்துக்கும் சேர்த்து 2 இரவுகள் போட்டிருப்பது நடக்காது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதலுக்கான காலமும் அட்டவணையில் இல்லை.

3. டெக் ஸ்லாப், ரயில் பாதை மேல் (வரைபடம் 13) – கட்டாயம்

ரயில் மட்டத்திலிருந்து கர்டர் அடிவரை 6.525 மீட்டர் இடைவெளி காட்டப்பட்டுள்ளது. ஸ்லாபுக்கு வழக்கமான ஷட்டரிங்கைத் தொங்கவிட்டால் அந்த இடைவெளி குறைந்துவிடும். அதைக் கழற்றும்போது மின் கம்பிக்கு மேலே ஆட்கள் வேலை செய்ய நேரிடும். அதற்கு மறுபடியும் பிளாக் கேட்க வேண்டும். கர்டர்களுக்கு இடையே நிரந்தரமாகவே தங்கிவிடும் எஃகுத் தகடுகளைப் பயன்படுத்துங்கள். ஓரங்களில் தொங்கும் பகுதிக்கான தாங்கிகளையும் பாதுகாப்பு வலையையும் கர்டர் தரையில் இருக்கும்போதே பொருத்திவிடலாம். அவற்றுக்கான துளைகளைக் கர்டர் வரைபடத்திலேயே காட்டிவிட்டால் களத்தில் துளையிடும் தேவை இருக்காது.

4. தூண் 4, 5-இன் பைல்கள் (வரைபடம் 8)

பைல் துளையிடும் இயந்திரத்தின் கோபுரம் மின் கம்பியைவிடப் பல மடங்கு உயரம். அது தண்டவாளத்தை நோக்கிச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் தூணின் இடம் முடிவாக வேண்டும். இரு தூண்களையும் ரயில் பாதையிலிருந்து 1.5 மீட்டர் விலக்க முடியுமா என்று பாருங்கள். கர்டர் 39 மீட்டராக நீளும், எடையும் கூடும், குறிப்பு 2-இல் சொன்ன கிரேனையும் மறுபடி கணக்கிட வேண்டும். ஆனால் பைல் கேப்புக்கான 2.4 மீட்டர் பள்ளம் தண்டவாளக் கரையை விட்டு விலகிவிடும். ரயில்களுக்கு வேகக் கட்டுப்பாடு கேட்கும் தேவையும் குறையும். விலக்க முடியாவிட்டால், தகட்டுப் பைல் தடுப்பின் வடிவமைப்பை நீங்களே கொடுங்கள். அதை ஒப்பந்ததாரரிடம் விட வேண்டாம்.

5. கேட் மூடுவதும் சுரங்கப்பாதையும் (வரைபடம் 20, 22) – கட்டாயம்

ரயில்வே கேட் முதல் கட்டத்தில் மூடப்படுகிறது. சிறிய வாகனங்களுக்கான சுரங்கப்பாதை நான்காம் கட்டத்தில் திறக்கிறது. இடையில் 14 மாதங்கள். கேட்டுக்கு மேற்கே அரசுப் பள்ளி, கிழக்கே அந்தப் பிள்ளைகளின் வீடுகள். காலை 8.30-க்கு அங்கே நின்று எண்ணினேன். கால் மணி நேரத்தில் 140-க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கடந்தன. கேட்டை மூடினால் அவர்கள் சுற்றிப் போகமாட்டார்கள், தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். வடிவமைப்பில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இதைப் பின்னால் திருத்த முடியாது.

பெட்டி தள்ளும் முறைக்கு நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் கோடையே உகந்தது. ஆகவே சுரங்கப்பாதையும் கல்வெர்ட்டும் ஒரே கோடையில் முடியட்டும். அதுவரை கேட் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் தூண் 4-இன் பைல் கேப் சாலையின் பாதியை அடைத்துக்கொள்வதால், அதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ள நேரிடும். அட்டவணையில் அதற்கு இடமிருக்கிறது.

6. மழைநீர் வடிகால் (வரைபடம் 16)

தடுப்புச் சுவரின் அடியிலிருந்து 0.8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் ஆழத்தில் வடிகால். சுவர் இரண்டாம் கட்டம், வடிகால் ஐந்தாம் கட்டம். 8 மீட்டர் சுவரின் காலடியைத் தோண்டுவதற்கு இது சமம். வடிகால் முதலில், சுவர் பிறகு. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

7. தூண் கம்பிகள் (வரைபடம் 9, 10)

தூணில் 32 மில்லிமீட்டர் கம்பிகள் இணைப்பே இல்லாமல் காட்டப்பட்டுள்ளன. கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வரும். இயந்திரக் கப்ளர்களைக் குறிப்பிட்டு, அவை தூணின் அடிப்பகுதியில் விழாதபடி இடத்தையும் காட்டுங்கள். தூண் தலைப்பில் மூன்று அடுக்குக் கம்பிகளோடு தூண் கம்பிகளும் சந்திக்கின்றன. அந்த இடத்தை ஒரே அளவுகோலில் வரைந்து பார்த்தேன். வைப்ரேட்டர் ஊசி இறங்க நான்கு இடங்களில் மட்டுமே வழி இருந்தது. தலைப்பை 150 மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் கம்பி நெரிசல் தீரும்.

8. பேரிங் மாற்றும் வசதி (வரைபடம் 14)

தூண் தலைப்புக்கும் கர்டருக்கும் இடையே 180 மில்லிமீட்டர். ஜாக் வைக்க அது போதாது. 400 மில்லிமீட்டர் கொடுத்து, ஜாக் வைக்கும் இடங்களைக் குறித்துவிடுங்கள். ரயில் பாதை மேலுள்ள தூண்களுக்கு ஆய்வு ஏணியும் வேண்டும்.

9. பூமிக்கடியில் உள்ளவை (வரைபடம் 3)

300 மில்லிமீட்டர் குடிநீர்க் குழாய் தூண் 2-இன் பைல் கேப்பைக் குறுக்கே கடக்கிறது. அதை 'வேலையின்போது மாற்றிக்கொள்ளலாம்' என்று ஆவணம் சொல்கிறது. மேற்குப் பகுதி வீடுகளுக்குத் தண்ணீர் போகும் குழாய் அது. சோதனைக் குழிகளை ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே தோண்டி, அளவை வரைபடத்தில் ஏற்றுங்கள்.

குறிப்புகள் 1, 2, 5 ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் வரிசை மறுபடி முட்டும். திருத்திய வரைபடம் 22 தயாரானதும், அதைக் களத்தில் கிழக்குக் கல்வெர்ட்டருகே நின்றபடி சேர்ந்து பார்க்கலாம். ரயில்வே பொறியியல் பிரிவையும் நீர்வளத் துறையையும் அன்றைக்கே அழைத்துவிடுங்கள். நான் எந்த நாளிலும் வரத் தயார்.