பள்ளிப் பாடநூல்களில் பாலின வார்ப்புகள்: உள்ளடக்கப் பகுப்பாய்வுக்கான ஆய்வு முன்மொழிவு

ஆய்வுச் சிக்கல்

இன்ன பாலினத்தவர் இன்ன வேலைக்கும் இன்ன குணத்துக்கும் உரியவர் என்று முன்கூட்டியே வார்த்து வைத்த எண்ணத்தையே இந்த முன்மொழிவு பாலின வார்ப்பு என்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கென 1979-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு, இத்தகைய எண்ணங்களைக் களையப் பாடநூல்களைத் திருத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 1972-இல் லெனோர் வைட்ஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் பரிசு பெற்ற சிறார் படநூல்களை ஆராய்ந்தபோது, ஆண்களின் படங்கள் 261 இருக்கப் பெண்களின் படங்கள் 23 மட்டுமே இருந்தன. இவ்வளவு அப்பட்டமான இடைவெளியைத் திருத்தியமைக்கப்பட்ட இன்றைய நூல்களில் நான் எதிர்பார்க்கவில்லை. படங்களில் சிறுமிகளைச் சேர்த்துவிட்டு வாக்கியங்களை அப்படியே விட்டுவைக்கும் திருத்தமே எனக்குக் கவலை தருகிறது. ஆகவே, எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்பதைவிட, வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வியாகும்.

தரவும் அலகும்

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நான்கு பாடங்களின் தமிழ்வழி நூல்கள் 24 முழுமையாக எடுத்துக்கொள்ளப்படும். பாடப் பகுதியுடன் பயிற்சி வினாக்களும் படங்களும் கணக்கில் சேரும். பயிற்சி வினாக்களைத் தவிர்ப்பது பெரும் பிழை என்பது என் கருத்து. யார் பணத்தை முதலீடு செய்கிறார், யார் காய்கறி வாங்குகிறார் என்பதை ஒரு குழந்தை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் படிப்பது கணக்குகளில்தான்.

ஒரு பாடத்திலோ ஒரு கணக்கிலோ ஒரு படத்திலோ வரும் ஒவ்வொரு மனிதப் பாத்திரமும் ஓர் அலகாகும். பாத்திரத்தின் பாலினம், வயது நிலை, சொந்தப் பெயர் உண்டா அல்லது இன்னாரின் தாய், மனைவி என்று உறவால் மட்டும் சுட்டப்படுகிறதா, தொழில், இடம் வீடா வெளியா ஆகியவை குறிக்கப்படும். இவற்றுக்கு மேலாக, அந்தப் பாத்திரத்துக்குரிய வினைச்சொற்கள் தனித்தனியே பதிவாகும்: முடிவெடுத்தல், கண்டறிதல், விளக்குதல் ஒரு வகை, கேட்டல், உதவுதல், வியத்தல், அழுதல் மற்றொரு வகை. அறிவியல் படத்தில் ஒரு சிறுவன் கருவியைக் கையாள, அருகில் ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருந்தால், தலைகளை எண்ணுகிறவருக்கு அது சமத்துவம். வினைகளை எண்ணினால்தான் வேறுபாடு தெரியும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ‘அவர்’, ‘மருத்துவர்’, ‘விஞ்ஞானி’ போன்ற சொற்கள் பாலினம் காட்டுவதில்லை. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்ற வினைமுற்றுகளோ உடனே காட்டிவிடுகின்றன. எனவே ‘பாலினம் சுட்டப்படாதவர்’ என்ற தனிக் குறியீடு வைக்கப்படும். பக்கத்தில் உள்ள படம் அவரை ஆணாகவோ பெண்ணாகவோ வரைந்திருந்தால் அதுவும் சேர்த்துப் பதியப்படும். குறியீட்டாளர் தம் ஊகத்தால் இதை நிரப்பக் கூடாது.

நம்பகத்தன்மையும் கணக்கீடும்

ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு குறியீட்டாளர்கள், ஆய்வில் சேராத இரு நூல்களில் பயிற்சி பெற்றபின், ஆறு நூல்களை ஒருவரையொருவர் கலக்காமல் குறியிடுவர். இருவரின் பதிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோஹனின் காப்பா அளவை 0.75-க்குக் கீழே வரும் குறியீட்டின் வரையறை திருத்தப்பட்டு, அக்குறியீடு மட்டும் மீண்டும் சோதிக்கப்படும். பாலினத்துக்கும் வினைவகைக்கும் உள்ள தொடர்பைக் கைவர்க்கச் சோதனை காட்டும். ஆனால், ஒரே பாடத்தில் வரும் பாத்திரங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், பாடம்வாரியான விகிதங்களைக் கொண்டும் முடிவு சரிபார்க்கப்படும்.

எதிர்பார்க்கும் முடிவுகள்

சிறுவர் சிறுமியர் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்றும், பெரியவர்களிடம் ஆண்களே மிகுந்திருப்பர் என்றும், அந்த இடைவெளி சமூக அறிவியலில் மிக அகலமாகத் தெரியும் என்றும் எதிர்பார்க்கிறேன். பெண்களுக்கான தொழில்கள் ஆசிரியர், செவிலியர் போன்ற சிலவற்றில் குவிந்திருக்க, ஆண்களுக்கானவை பரந்து கிடக்கும். வீட்டு வேலை செய்யும் ஆண் எங்கேனும் வந்தால், அது பெரும்பாலும் ‘உதவி’ என்ற சொல்லுடன் வரும் என்பது என் ஊகம். வேலை அவருடையது அல்ல என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுவதால் அது தனியாக எண்ணப்படும். எண்ணிக்கை சமமாக உள்ள பாடங்களிலும் வினைவகை சமமாக இராது என்பதே முதன்மைக் கருதுகோள். அப்பாடங்களில் இரு பாலினத்தவருக்கும் முதல்வகை வினைகள் ஒத்த விகிதத்தில் அமைந்திருந்தால் கருதுகோள் பொய்த்தது என்று அறிக்கையில் அவ்வாறே எழுதப்படும்.

நூலில் உள்ளதை மட்டுமே இம்முறை காட்டும்; வகுப்பறையில் ஆசிரியர் அதை எப்படி எடுத்துரைக்கிறார், குழந்தை எதை ஏற்கிறது என்பவை இதன் எல்லைக்கு வெளியே உள்ளன. குறியீட்டு ஏடும் வினைச்சொல் பட்டியலும் பாடநூல் எழுதுவோர் பயன்படுத்தும் வகையில் அறிக்கையுடன் முழுமையாக இணைக்கப்படும்.