உத்தரவாதம் முடிந்த மூன்று சலவை இயந்திரங்களை நல்லெண்ண அடிப்படையில் பழுது பார்த்துத் தரக் கோரிக்கை

அனுப்புநர்:
வரிசை வீடுகள் 7, 12, 19-இன் குடும்பத்தார்,
தோட்டக் குடியிருப்பு, சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

12 ஜனவரி 2026

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் 7.5 கிலோ முன்கதவு சலவை இயந்திரத்தை, ஒரே மாடலில், 2023இல் இந்த வரிசையில் நான்கு வீடுகள் தலா 1,699 ரிங்கிட்டுக்கு வாங்கின. நான்கிலும் ஒரே பாகம் பழுதாகியிருக்கிறது: டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கை அலுமினியச் சட்டம், அதாவது ஸ்பைடர். இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறோம்.

வீடு 4-இன் இயந்திரம் 21ஆம் மாதத்திலேயே, உத்தரவாதக் காலத்துக்குள் பழுதானது. 2025 பிப்ரவரியில் டிரம்மை இலவசமாக மாற்றிக் கொடுத்தீர்கள். புதிய டிரம்மின் பாக எண் பழையதேதான், ஆனால் கடைசியில் 'B' என்ற எழுத்து கூடியிருக்கிறது. பாகம் திருத்தி வடிவமைக்கப்பட்டதையே இது காட்டுவதாக எண்ணுகிறோம். இல்லையென்றால் அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

வீடு 7-இன் நிலை வேறு. வாங்கியது 9.8.2023. பிழியும்போது இரைச்சல் வருவதாக 11.6.2025 அன்றே, உத்தரவாதம் முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும்போது, புகார் கொடுக்கப்பட்டது. 17.6.2025 அன்று வந்த உங்கள் பழுதுபார்ப்பவர் நான்கு கால்களையும் மட்டம் பார்த்துத் திருகிவிட்டுப் போனார். டிரம்மின் விளிம்பைக் கையால் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். அக்டோபரில் ஸ்பைடரின் ஒரு கை முறிந்தது. பழுது உத்தரவாதத்துக்குள் தொடங்கியது என்பதற்கு உங்கள் சேவை அறிக்கையே சான்று.

வீடு 12 (வாங்கியது 2.9.2023) நவம்பரில் நின்றது. வீடு 19-இல் (20.11.2023) டிரம் விளிம்பு 12 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடுகிறது. 22.12.2025 அன்று மூன்றையும் பார்த்த உங்கள் ஆள், மூன்று அறிக்கையிலும் "ஸ்பைடர் அரிப்பு, கட்டணத்துக்கு உட்பட்டது" என்று எழுதியிருக்கிறார். ஒரு இயந்திரத்துக்கு டிரம் 640, கூலி 160, ஈப்போவிலிருந்து வர 80, ஆக 880 ரிங்கிட். வாங்கிய விலையில் பாதிக்கும் மேல்.

அலுமினியக் கலவை, துருப்பிடிக்காத எஃகு டிரம்மோடு திருகப்பட்டு ஈரத்திலேயே இருக்கிறது. இரு உலோகம் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பது அலுமினியம்தான். சோப்பின் காரத்தன்மையும் பின்பக்கம் தேங்கும் சோப்புப் படிவும் அதை விரைவுபடுத்தும். இந்த இடத்துக்குப் பயன்படுத்துபவரின் கை எட்டாது, துடைக்கவும் முடியாது.

தோட்டத்து வேலைத்துணியைப் போட்டதால்தான் என்று சொல்லப்படலாம். பால்கறையும் சேறும் படிந்த துணிகளை மூன்று வீடுகளும் வெளிக்குழாயில் கையால் துவைக்கின்றன. இயந்திரத்தில் வாரம் நான்கைந்து முறை வீட்டுத்துணி மட்டுமே. முன்கதவு இயந்திரத்துக்கான சோப்புதான். குளோரின் வெளுப்பான் போட்டதில்லை. இயந்திரத்தைப் பொருத்த வந்தவரே போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றினார். வெளியாள் யாரும் இயந்திரங்களைத் திறக்கவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவே. வீடு 7-க்குப் பாகம், கூலி, பயணம் மூன்றும் இலவசம். வீடு 12, 19-க்கு டிரம் இலவசம். கூலி 160-ஐ அந்தந்த வீடு கொடுக்கும். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் பயணம் ஒன்றுதான். அந்த 80-ஐ அவ்விரு வீடுகளும் பகிர்ந்து கொடுக்கும். பொருத்துவது 'B' எண் பாகமாக இருக்கட்டும். பேரிங்கும் ஆயில் சீலும் அப்போதே மாற்றப்பட வேண்டும்; ஆடிய தண்டு சீலைத் தேய்த்திருக்கும், பழைய சீலை விட்டால் பேரிங்கில் தண்ணீர் இறங்கி இரைச்சல் திரும்பி வரும். வேலைக்கு 12 மாத உத்தரவாதம் எழுத்தில் தேவை. கழற்றிய ஸ்பைடர்களை எங்களிடமே விட்டுச் செல்லுங்கள்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பொருள் நீடித்து உழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 50ஆம் பிரிவு உற்பத்தியாளரிடமும் நிவாரணம் கேட்க வழி தருகிறது. அட்டையில் உள்ள இரண்டாண்டு இதை அழித்துவிடாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம் என்பதும் தெரியும். அதற்கு முன் உங்களிடமே பேசித் தீர்க்க விரும்புகிறோம்.

பிப்ரவரி 6-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். தைப்பூச வாரத்தில் வீடுகளில் ஆள் இருக்கமாட்டார்கள்; ஆள் அனுப்பும் நாளை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த கையோடு 1,200 சுற்றில் பிழிந்தால் டிரம் வெளித்தொட்டியை உடைக்கும் என்பதால் மூன்றும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு நிற்கின்றன.

இப்படிக்கு,
வீடுகள் 7, 12, 19-இன் குடும்பத்தார்

இணைப்பு: ரசீதுகள் 3, உத்தரவாத அட்டைகள் 3, சேவை அறிக்கைகள் 5 (வீடு 4-இன் அறிக்கை, அக்குடும்பத்தின் சம்மதத்தோடு), வரிசை எண் ஒட்டியின் படங்கள், வீடு 19-இன் டிரம் ஆட்டத்தை அளவுகோலோடு காட்டும் காணொளி.