பத்தாம் வகுப்பு கணக்கு சாயங்கால பேட்ச் ஃபுல் ஆயிடுச்சு, வெயிட்டிங் லிஸ்ட் பத்தின விவரம்

எல்லா பேரன்ட்ஸுக்கும் வணக்கம். இந்த வாரம் பத்தாம் வகுப்பு கணக்கு டியூஷனுக்கு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க, சிலர் நேர்லயும் வந்து கேட்டுட்டுப் போனீங்க. தனித்தனியா பதில் போட்டா ஒருத்தருக்கு ஒண்ணு சொன்ன மாதிரி ஆயிடும், அதனால எல்லாருக்கும் ஒரே மெசேஜா அனுப்புறேன். கொஞ்சம் பெருசா இருக்கும், தயவுசெஞ்சு முழுசா படிச்சிடுங்க.

திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஆறு மணி பேட்ச்ல 12 சீட்டும் முடிஞ்சிடுச்சு. நேத்து ராத்திரி கடைசி சீட்டுக்கு உறுதி பண்ணிட்டாங்க. இனிமே அந்த பேட்ச்ல யாரையும் சேர்க்க முடியாத நிலைமை. கேட்டுட்டு நம்பிக்கையோட காத்திருந்தவங்களுக்கு இது ஏமாற்றமா இருக்கும்னு தெரியும், எனக்கும் சொல்றதுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

"ஒரே ஒரு பிள்ளைதானே, ஓரமா உக்காந்துக்குவான், ஒரு சேர் போட்டா போதும்"னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. சேர் போட இடம் இருக்கு, பிரச்சனை அது இல்ல. நான் போர்டுல எழுதிப் போட்டுட்டு காப்பி பண்ணிக்கோங்கன்னு சொல்ற ஆள் கிடையாது, ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒவ்வொரு நோட்டையும் கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் பிள்ளைங்கள அனுப்புவேன். இப்ப x² − 5x + 6 = 0 ன்னு ஒரு கணக்கு கொடுத்தா, (x − 2)(x − 3) = 0 வரைக்கும் அழகா காரணிப்படுத்திட்டு அடுத்த வரியில x = −2, −3 ன்னு எழுதிடுற பிள்ளைங்க எல்லா பேட்ச்லயும் இருப்பாங்க. வரவேண்டிய விடை 2, 3. கேட்டா "புரிஞ்சிடுச்சு மிஸ்"னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அவங்களுக்கு நிஜமாவே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், அந்த ஒரு வரிய நோட்டுல பாத்தாத்தான் எங்க வழுக்குதுன்னு நமக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரத்துல 12 நோட்டு பாக்கலாம். அதுக்கு மேல போனா யாரோ ஒருத்தர் நோட்டு பாக்காம போயிடும், பெரும்பாலும் அது சத்தமே இல்லாம உக்காந்திருக்கிற பிள்ளையோட நோட்டாத்தான் இருக்கும். அதுக்கு என் மனசு ஒத்துக்கல.

இப்ப வெயிட்டிங் லிஸ்ட் பத்தி சொல்றேன். விருப்பம் இருக்கிறவங்க இதே நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்க, பிள்ளையோட பேரு, எந்த சிலபஸ், ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர்ற நேரம், எந்தப் பாடத்துல ரொம்ப தடுமாறுறாங்க, இவ்வளவு போதும். மார்க் ஷீட் எல்லாம் அனுப்ப வேண்டாம், மார்க் பாத்து நான் யாரையும் எடுக்கறது இல்ல. லிஸ்ட்ல பேரு சேர்க்க பணம் எதுவும் கிடையாது, அட்வான்ஸ் கொடுக்கறேன் சீட்ட பிடிச்சு வைங்கன்னு யாரும் அனுப்பிடாதீங்க, அனுப்பினா திருப்பித்தான் அனுப்புவேன். ஏற்கனவே கேட்டவங்களும் இந்த விவரத்தோட இன்னொரு தடவை மெசேஜ் போட்டுடுங்க, நீங்க முதல்ல கேட்ட தேதிதான் வரிசையில கணக்கு, அதனால உங்க இடம் பின்னால போயிடும்னு பயப்பட வேண்டாம்.

வரிசைன்னா வரிசைதான். அக்கா இங்க படிச்சா, அண்ணன் இங்க படிச்சான்னு சொல்றப்ப எனக்கு சந்தோஷமா இருக்கு, ஆனா அதுக்காக முன்னாடி இருக்கிறவங்கள தாண்டி சேர்த்துக்க முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க.

சீட் காலியாச்சுன்னா லிஸ்ட்ல முதல்ல இருக்கிறவங்களுக்கு ஃபோன் பண்ணுவேன், எடுக்கலன்னா மெசேஜ் போடுவேன். மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள வர்றோம் இல்ல வரலன்னு சொல்லிடுங்க. அந்த நேரம் ஒத்து வராது, அடுத்த தடவை பாத்துக்கறோம்னு சொன்னா உங்க இடம் அப்படியேதான் இருக்கும். பதிலே வரலன்னாதான் அடுத்தவங்களக் கூப்பிடுவேன்.

எப்ப சீட் வரும்னு கேட்டா தேதி சொல்ல முடியாது. பொதுவா முதல் மாசத்துலயே ஒண்ணு ரெண்டு பேர் நேரம் சரிப்படலன்னு நின்னுடுவாங்க, அப்புறம் முதல் டெர்ம் பரீட்சை முடிஞ்சதும் கொஞ்சம் மாறும். அதுக்கப்புறம் யாரும் நகர மாட்டாங்க. அதனால லிஸ்ட்ல முதல் மூணு நாலு பேருக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்குக் கீழ வர்றவங்களுக்கு கம்மின்னு முன்கூட்டியே சொல்லிடறேன். நீங்க எத்தனாவது இடத்துல இருக்கீங்கன்னு எப்ப வேணா கேளுங்க, உள்ளத உள்ளபடி சொல்றேன்.

இன்னொரு விஷயம் யோசிச்சிட்டு இருக்கேன். லிஸ்ட்ல எட்டு பேராவது சேர்ந்து, எல்லாருக்கும் சனி ஞாயிறு காலையில ஏழு மணி சரிப்படும்னா, ரெண்டாவது பேட்ச் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். வார நாள்ல எனக்கு வேற நேரமே இல்ல, மீதி ரெண்டு நாளும் ஒன்பதாம் வகுப்பு பிள்ளைங்க வர்றாங்க. அதனால மெசேஜ் போடும்போது சனி ஞாயிறு காலை ஓகேவான்னும் ஒரு வார்த்த சேர்த்துடுங்க. இது இன்னும் முடிவாகல, ஆரம்பிச்சாச்சுன்னு நினைச்சுக்க வேண்டாம்.

பாதியில சேர்ந்தா விட்டுப்போன பாடம் என்ன ஆகும்னு ஒரு அம்மா கேட்டாங்க, நல்ல கேள்வி. லேட்டா சேர்ற பிள்ளைக்கு முதல் ரெண்டு வாரம் கிளாஸ் முடிஞ்சதும் அரை மணி நேரம் கூட உக்கார வைப்பேன், அதுல நடந்து முடிஞ்ச பாடத்தோட முக்கியமான மாதிரி கணக்குங்கள போட வைப்பேன். முழுப் பாடமும் திரும்ப நடத்த முடியாது, வீட்லயும் கொஞ்சம் உழைக்கணும்.

அதுவரைக்கும் பிள்ளைங்க சும்மா காத்திருக்கக் கூடாதுங்கறதுதான் எனக்கு முக்கியம். லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு பக்கத்துக்கு கணக்கு அனுப்புவேன், விடையோட. பத்தாம் வகுப்புல தடுமாறுற பிள்ளைங்களப் பாத்தா, முக்கால்வாசி பேருக்கு சிக்கல் பத்தாம் வகுப்புப் பாடத்துலயே இருக்காது, கீழ் வகுப்புல விட்ட பின்னம், குறி, காரணிப்படுத்தல் இதுலதான் இருக்கும். இன்னைக்கே வீட்ல மூணு கணக்கு கொடுத்துப் பாருங்க: 3/4 + 2/5, (−3)² அதோட −3², x² + 7x + 12 காரணிப்படுத்து. விடை 23/20, 9, −9, (x + 3)(x + 4). முதல் கணக்குக்கு 5/9 ன்னு வந்தாலோ ரெண்டாவதுல ரெண்டுக்கும் ஒரே விடை வந்தாலோ திட்டாதீங்க, தினமும் இருபது நிமிஷம் அந்த ஒண்ண மட்டும் ஸ்டெப் விடாம எழுத வைங்க, கால்குலேட்டர் வேண்டாம்.

வேற இடத்துல நல்ல டியூஷன் கிடைச்சா தாராளமா சேர்த்துடுங்க, எனக்காக வருஷத்த வீணாக்க வேண்டாம். ஒரு வரி மெசேஜ் மட்டும் போட்டுடுங்க, பின்னால நிக்கிறவங்களுக்கு அந்த இடம் போகும்.

பேரு கொடுக்க வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பாப்பேன், அதுக்கப்புறம் அனுப்பினாலும் லிஸ்ட்ல கடைசியில சேர்த்துக்கறேன். கிளாஸ் நேரமான ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் ஃபோன் எடுக்க முடியாது, மெசேஜ் போட்டு வைங்க, ராத்திரி கட்டாயம் பதில் போடுறேன்.